பம்ப்செட் உதிரிபாக இருப்பை மதிப்பாலும் ஏற்ற இறக்கத்தாலும் பிரிப்பது

கேள்வி: கோவைப் பக்கம் போர்வெல் மோட்டார், பம்ப்செட் உதிரிபாகங்கள் விற்கிறோம். சுமார் 1,200 வகைச் சரக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு மாத இருப்பு என்பதுதான் எங்கள் கணக்கு. ஆனாலும் கேட்பது இருப்பில் இல்லை, கேட்காதது குவிந்து கிடக்கிறது. மதிப்பையும் விற்பனை ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்த்துப் பிரிக்கச் சொல்கிறார்கள். எப்படிப் பிரிப்பது? பிரித்த பிறகு எந்தப் பிரிவுக்கு என்ன விதி?

பதில்:

மதிப்பும் ஏற்ற இறக்கமும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்பவை. ஒரு பொருளில் ஆண்டு முழுவதும் எவ்வளவு பணம் புரள்கிறது என்பது, அதை எத்தனை நாளைக்கு ஒருமுறை வாங்க வேண்டும், அதன்மேல் எவ்வளவு கவனம் செலுத்த வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் விற்பனை எந்த அளவு ஏறி இறங்குகிறது என்பது, எதிர்பாராத தேவைக்காக எவ்வளவு கூடுதலாக வைக்க வேண்டும், அல்லது அதை இருப்பில் வைக்கவே வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் என்னும் விதி இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான், சீராக விற்கும் பொருளில் தேவைக்கு மேல் பணம் முடங்குகிறது. எப்போதாவது மொத்தமாகக் கேட்கப்படும் பொருளோ கேட்ட அன்று கிடைப்பதில்லை.

முதலில் மதிப்பு. இங்கே மதிப்பு என்பது ஒரு பொருளின் விலை அல்ல. ஓராண்டில் விற்ற எண்ணிக்கையைக் கொள்முதல் விலையால் பெருக்கி வரும் தொகைதான் மதிப்பு. விலை உயர்ந்த மோட்டார் ஆண்டுக்கு ஒன்றே விற்றால் அது கடைசிப் பிரிவுக்குப் போகலாம். சாதாரண பேரிங் முதல் பிரிவுக்கு வரலாம். இந்தத் தொகையின்படி பட்டியலை இறங்குவரிசையில் அடுக்கிக் கூட்டிக்கொண்டே போனால், மொத்தத்தில் 80 சதவீதம் வரை வரும் பொருட்களை ‘ஏ’ என்றும், அடுத்த 15 சதவீதத்தை ‘பி’ என்றும், மீதியை ‘சி’ என்றும் குறிப்பது வழக்கம். 1951-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி இந்த முறையை எழுதி வெளியிட்டதிலிருந்து அடிப்படை மாறவில்லை.

அடுத்தது ஏற்ற இறக்கம். 12 மாத விற்பனையின் திட்டவிலக்கத்தை மாதச் சராசரியால் வகுத்தால் கிடைப்பது மாறுபாட்டுக் கெழு. அது 0.5-க்குக் கீழே இருந்தால் ‘எக்ஸ்’, 0.5 முதல் 1 வரை ‘ஒய்’, அதற்கு மேல் ‘இசட்’ என்று தொடங்கலாம். இந்த எல்லைகள் எல்லாக் கடைக்கும் பொருந்துபவை அல்ல. உங்கள் பட்டியலைக் கெழுவின்படி அடுக்கிப் பார்த்தால் சில இடங்களில் இயல்பாகவே ஓர் இடைவெளி தெரியும். அங்கே கோடு போடுவதே பொருத்தம். எக்செலில் பி முதல் எம் வரையுள்ள பத்திகளில் மாத விற்பனையும், என் பத்தியில் கொள்முதல் விலையும் இருந்தால் இவ்வளவுதான் வேலை:

```
O2: =SUM(B2:M2)*N2
P2: =STDEV.S(B2:M2)/AVERAGE(B2:M2)
Q2: =SUM(O$2:O2)/SUM(O$2:O$1201)
```

மூன்றாவது சூத்திரத்தை ஓ பத்தியின்படி இறங்குவரிசையில் அடுக்கிய பிறகுதான் பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஒன்றுகூட விற்காத பொருளுக்கு இரண்டாவது சூத்திரம் பிழை காட்டும்; அவற்றை முதலிலேயே தனித்தாளில் எடுத்து வைத்துவிடுங்கள். அவை முடிவு எடுக்க வேண்டிய சரக்கே தவிர, பிரிக்க வேண்டிய சரக்கு அல்ல.

இதுவரை எளிது. பெரும்பாலோர் தடுமாறும் இடம் இரண்டாவது சூத்திரத்துக்குள் போகும் எண்களில்தான் இருக்கிறது. உங்கள் தொழிலில் மூன்று காரணங்களால் அந்த எண்கள் தவறான விடை தரும்.

முதல் காரணம் கோடை. நீர்மூழ்கி மோட்டாருக்கான தட்டை கேபிளை எடுத்துக்கொள்வோம். ஒரு சுருள் ரூ.5,000 என்றும், ஜனவரி தொடங்கி மாத விற்பனை 40, 50, 110, 130, 120, 60, 40, 35, 35, 30, 35, 35 சுருள் என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி 60, திட்டவிலக்கம் ஏறக்குறைய 37, கெழு 0.62. ஆகவே கணக்கு இதை ‘ஒய்’ என்கிறது. ஆனால் மார்ச் முதல் மே வரை விற்பனை இரட்டிப்பாகும் என்பது கடையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. சென்ற ஆண்டின் அதே மாதங்களில் 38, 54, 104, 136, 114, 64, 37, 38, 33, 33, 33, 36 விற்றிருந்தால், எந்த மாதத்திலும் வித்தியாசம் 6 சுருளைத் தாண்டவில்லை. அந்த வித்தியாசங்களின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம் 4-க்குச் சற்றுக் கீழே. அதைச் சராசரியால் வகுத்தால் 0.06. அப்படியானால் இது மிகச் சீரான ‘எக்ஸ்’ பொருள்.

இந்தத் தவறு வெறும் எழுத்து மாற்றத்தோடு நிற்பதில்லை. வாரம் ஒருமுறை ஆர்டர் போட்டு, சரக்கு வர மேலும் ஒரு வாரம் ஆகும் என்றால், இருப்பு தாங்க வேண்டிய காலம் சுமார் அரை மாதம். 98 சதவீதம் தட்டுப்பாடு வராமல் இருக்க வேண்டும் என்றால் திட்டவிலக்கத்தை 2.05-ஆலும், காலத்தின் வர்க்கமூலமான 0.707-ஆலும் பெருக்க வேண்டும். 37-ஐ வைத்துக் கணக்கிட்டால் கூடுதல் இருப்பு 54 சுருள்; 4-ஐ வைத்தால் 6 சுருள். இடையில் உள்ள 48 சுருளின் மதிப்பு ரூ.2,40,000. மாதம் 30 சுருள் மட்டுமே விற்கும் அக்டோபரிலும் அந்தப் பணம் அலமாரியில்தான் இருக்கும். எனவே கோடைச் சரக்குக்குச் சராசரியிலிருந்து விலகலைப் பார்க்காமல், முன்கணிப்பிலிருந்து விலகலைப் பாருங்கள். சென்ற ஆண்டின் அதே மாத விற்பனையே முன்கணிப்பாகப் போதும். அதற்காக இரண்டு ஆண்டுத் தரவு வேண்டியிருக்கும். ஓர் ஆண்டு மழை நன்றாகப் பெய்து மறு ஆண்டு வறண்டால் கோடை விற்பனையின் அளவே மாறிவிடும். அப்போது இந்த விலகல் தானாகவே பெரிதாகும், இருப்பும் அதற்கேற்பக் கூடும். அந்தக் கூடுதல் உண்மையான நிச்சயமின்மைக்காக வைக்கப்படுவது என்பதால் அதைக் குறைக்க முயல வேண்டாம்.

இரண்டாவது காரணம், சரக்கு தீர்ந்த மாதங்கள். விற்பனைப் பதிவில் பூஜ்யம் என்றிருந்தால் யாரும் கேட்கவில்லை என்றும் பொருள், கேட்டும் கொடுக்க முடியவில்லை என்றும் பொருள். பில்லிங் மென்பொருள் இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. மாத இறுதி இருப்பையும் விற்பனையோடு சேர்த்து எடுத்து, இருப்பும் விற்பனையும் இரண்டும் பூஜ்யமாக உள்ள மாதங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால், நன்றாக விற்கும் பொருள் உங்கள் கொள்முதல் தவறால் ‘இசட்’ பிரிவில் விழுந்து, அதற்கு இன்னும் குறைவாக வாங்க முடிவெடுப்பீர்கள். தட்டுப்பாடு மேலும் கூடும்.

மூன்றாவது, ஒப்பந்ததாரர் ஆர்டர். குடிநீர்த் திட்ட வேலைக்காக ஒருவர் ஒரே நாளில் 80 இம்பெல்லர் வாங்கிப்போனால் அந்த மாதம் மட்டும் எண் வீங்கும். அவர் பெரும்பாலும் முன்பே விலை கேட்டிருப்பார், சில நாள் பொறுப்பார். அத்தகைய விற்பனையைத் தனிக் குறியீட்டில் பதிந்து, அதற்கெனத் தனியாக ஆர்டர் போட வேண்டும். கவுண்டர் விற்பனையின் ஏற்ற இறக்கத்தில் அதைச் சேர்க்கக் கூடாது.

இந்த மூன்றையும் சரிசெய்த பிறகு, ‘இசட்’ பிரிவில் இருந்த பொருட்களில் கணிசமானவை வேறு பிரிவுக்கு நகர்வதைக் காண்பீர்கள். மதிப்பில் மூன்று, ஏற்ற இறக்கத்தில் மூன்று என வரும் ஒன்பது கட்டங்களும் நிரம்பும். ஆனால் ஒன்பதுக்கும் ஒன்பது விதி வைத்தால் கவுண்டரிலும் கிடங்கிலும் இருப்பவர்களால் நினைவில் வைக்க முடியாது. நான்கு மூலைகளுக்கு நான்கு விதி எழுதிவிட்டு, நடுவில் உள்ளவற்றை அருகிலுள்ள மூலையோடு சேர்ப்பது நடைமுறைக்கு ஏற்றது.

மதிப்பும் அதிகம், விற்பனையும் சீர் என்னும் ‘ஏ-எக்ஸ்’ பிரிவில்தான் பணம் உடனே விடுபடும். ரீவைண்டிங் கடைகள் வாங்கும் செப்பு வைண்டிங் வயரை எடுத்துக்கொள்வோம்: கிலோ ரூ.1,000, மாதச் சராசரி 120 கிலோ, திட்டவிலக்கம் 24 கிலோ. உங்கள் இப்போதைய விதிப்படி ஒரு மாத இருப்பு 120 கிலோ, அதாவது ரூ.1,20,000. வாராந்தர ஆர்டருக்கு மாறினால் அரை மாதத் தேவை 60 கிலோ, 98 சதவீதத்துக்கான கூடுதல் இருப்பு 35 கிலோ. ஒவ்வொரு வாரமும் கையிருப்பையும் வரவேண்டிய சரக்கையும் கூட்டி, அது 95 கிலோவுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு ஆர்டர் போட்டால் போதும். அலமாரியில் சராசரியாகக் கிடப்பது ஏறக்குறைய 50 கிலோதான். 98-க்குப் பதில் 95 சதவீதம் போதும் என்றால் பெருக்கெண் 1.65 ஆகும், கூடுதல் இருப்பு 28 கிலோவாகக் குறையும். ஆனால் 7 கிலோவை மிச்சப்படுத்த அத்தகைய பொருளில் தட்டுப்பாட்டை அனுமதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செப்பு விலை ஏறுமுகத்தில் இருக்கும்போது கூடுதலாக வாங்கி வைக்கும் பழக்கம் இருந்தால், அதைத் தனி முடிவாக, தனித் தொகையாக வையுங்கள்; இருப்பு விதியோடு கலந்தால் எது எதற்காக வாங்கியது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

‘ஏ-இசட்’ தான் மிகவும் யோசிக்க வேண்டிய மூலை. ரூ.65,000 கொள்முதல் விலையுள்ள 20 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் ஆண்டில் மூன்று மாதங்களில் மட்டும் 2, 3, 1 என விற்று, மற்ற ஒன்பது மாதங்களும் விற்கவில்லை என்று கொள்வோம். மாதச் சராசரி 0.5, திட்டவிலக்கம் 1, கெழு 2. சரக்கு வர ஒரு மாதம் என்றால் மேலே சொன்ன சூத்திரம் 0.5-ஐயும் 2.05-ஐயும் கூட்டி 2.55 என்று சொல்லும். அதாவது 3 மோட்டார், ரூ.1,95,000. ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் ரூ.23,400. ஆறு மோட்டாரில் 8 சதவீத லாபம் வந்தால் மொத்தம் ரூ.31,200. லாபத்தில் முக்கால் பங்கு வட்டிக்கே போய்விடுகிறது.

இங்கே சூத்திரமே பொருந்தாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். அந்தச் சூத்திரம் தேவை சராசரியைச் சுற்றி இருபுறமும் சமமாகப் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான மாதங்களில் பூஜ்யமாக இருக்கும் பொருளுக்கு அது உண்மையல்ல. இப்படி விட்டுவிட்டு வரும் தேவைக்காகத்தான் 1972-இல் கிராஸ்டன் என்பவர் வேறொரு வழி சொன்னார்: ஒரு முறை எத்தனை வாங்கப்படுகிறது, இரண்டு விற்பனைக்கு இடையே எவ்வளவு காலம் போகிறது என்று இரண்டையும் தனித்தனியே கணிப்பது. இந்த மோட்டாருக்கு அந்த இரண்டு எண்கள் 2 மோட்டார், 4 மாதம். மாதம் 0.5 என்று சொல்வதைவிட, நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு என்று சொல்வது கடைக்காரருக்குப் பயன்படும் தகவல்.

எனவே இந்த மூலையில் கேட்க வேண்டியது, வாங்குபவர் பொறுப்பாரா என்பதுதான். பயிர் காய்ந்துகொண்டிருக்கும் விவசாயி பொறுக்க மாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார். தொழிற்சாலையோ ஊராட்சியோ ஒரு வாரம் பொறுக்கும். முதல் வகைக்காக ஒரு மோட்டார் மட்டும் வைத்து, அது விற்ற அன்றே இன்னொன்றுக்கு ஆர்டர் போடுங்கள். இரண்டு, மூன்று என்று கேட்பவருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு உற்பத்தியாளரின் டெப்போவிலிருந்து வரவழையுங்கள். டெப்போவில் எந்த மாடல் எத்தனை உள்ளது என்பதை வாரம் ஒருமுறை கேட்டு எழுதி வைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. அது இரண்டு மோட்டார் வாங்கி வைத்ததற்கு ஏறக்குறைய சமம். இன்னொரு வழி, அருகில் அதே பிராண்டை விற்கும் கடைகளோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. பலரிடம் அது ஏற்கெனவே வாய்மொழியாக இருக்கும். அதை ‘ஏ-இசட்’ பட்டியலோடு சேர்த்து முறைப்படுத்தினால் போதும்.

‘சி-எக்ஸ்’ பிரிவில், அதாவது இன்சுலேஷன் டேப், வாஷர், சிறிய போல்ட் போன்ற மலிவான, சீராக விற்கும் சரக்கில், உங்கள் நேரமே செலவு. ரூ.15 விலையுள்ள டேப் மாதம் 200 விற்றால் மூன்று மாதத்துக்கு 600 வாங்கினாலும் ரூ.9,000தான். இரண்டு பெட்டியில் வைத்து, ஒன்று காலியானதும் ஆர்டர் போடும் முறை இதற்குப் போதும். வாராந்தரக் கணக்கெடுப்பு தேவையில்லை. பல நூல்களில் ‘ஏ’ பொருளுக்கு மிக உயர்ந்த கிடைப்பு விகிதமும் ‘சி’ பொருளுக்குக் குறைவானதும் வைக்கச் சொல்லியிருப்பார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. வைண்டிங் வயர் வாங்க வருபவர் டேப்பையும் வார்னிஷையும் சேர்த்தே வாங்குகிறார், ரூ.15 டேப் இல்லாததால் ரூ.10,000 வயர் விற்பனை அடுத்த கடைக்குப் போகக்கூடும். மலிவான பொருளில் 99 சதவீதம் வைப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது. குறைத்துக்கொள்ள வேண்டிய இடம் ‘ஏ-இசட்’ தான்.

‘சி-இசட்’ பிரிவில்தான் எண்ணிக்கையில் மிக அதிகமான பொருட்கள் இருக்கும். பழைய மாடல் இம்பெல்லர், நின்றுபோன பிராண்டின் ஷாஃப்ட் போன்றவை. இவற்றுக்கு இயல்பான விதி, இருப்பது விற்றுத் தீர்ந்ததும் மீண்டும் வாங்காமல் விடுவது. கேட்டால் மட்டும் வரவழைப்பது. ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கு கட்டாயம் வேண்டும். விலை சிறியது, விற்பனை அரிது, ஆனால் அது இல்லாவிட்டால் பம்ப் ஓடாது என்னும் பொருட்களை மதிப்பும் ஏற்ற இறக்கமும் அடையாளம் காட்டாது. உங்கள் கடையில் நீண்ட நாள் கவுண்டரில் நிற்பவரை இந்தப் பட்டியலோடு உட்காரவைத்து, அத்தகையவற்றைக் கையால் குறிக்கச் சொல்லுங்கள். குறித்தவற்றுக்கு இரண்டு என்று நிரந்தரமாக வைத்துவிடலாம். குறிக்கப்படுபவை பெருகிக்கொண்டே போனால், ஒவ்வொன்றுக்கும் கடைசியாக விற்ற தேதியை அருகில் எழுதி மறுபடி கேளுங்கள், பட்டியல் குறையும்.

இந்தப் பிரிவினையில் விடுபடும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இது வாங்குபவரின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே பார்க்கிறது; சரக்கு அனுப்புபவரின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன வைண்டிங் வயரையே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். சப்ளையர் ஒருமுறை சொன்ன நாளில், இன்னொருமுறை இரண்டு வாரம் தாமதித்து அனுப்புகிறார்; வந்து சேரும் காலத்தின் திட்டவிலக்கம் கால் மாதம் என்றால், கணக்கு இப்படி மாறும்:

```
=2.05*SQRT(0.5*24^2 + 120^2*0.25^2)
```

விடை 71 கிலோ. முன்பு 35 கிலோ இருந்த கூடுதல் இருப்பு இரட்டிப்பாகிவிட்டது. விற்பனையில் எந்த மாற்றமும் இல்லை. ‘எக்ஸ்’ என்று பெயரிட்டதால் குறைவாக வைத்துவிட்டு, பிறகு சரக்கு தீர்ந்து, இந்த முறையே பயனில்லை என்று கைவிடுபவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான். ‘ஏ’ பிரிவில் உள்ள பொருட்களுக்காவது ஆர்டர் போட்ட தேதியையும் சரக்கு வந்த தேதியையும் குறித்து வையுங்கள். தாமதம் இருந்தால், 36 கிலோவுக்கான ரூ.36,000-ஐ முடக்குவதா, சப்ளையரை மாற்றுவதா என்று எண்ணை வைத்தே அவரிடம் பேசலாம்.

மறுபிரிப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். எல்லைக்கோட்டில் நிற்கும் பொருட்கள் ஒவ்வொரு முறையும் இங்கும் அங்கும் தாவும் என்பதால், தொடர்ந்து இரண்டு முறை ஒரே புதிய பிரிவில் விழுந்தால் மட்டும் விதியை மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கும் குறைவான விற்பனைப் பதிவுள்ள புதிய சரக்கைப் பிரிக்கவே வேண்டாம். அதைப் போன்ற பழைய பொருளின் விதியைத் தற்காலிகமாகக் கொடுங்கள். மேலும், வார விற்பனையை வைத்துக் கணக்கிட்டால் கெழு மாத விற்பனையில் வருவதைவிட ஏறக்குறைய இரட்டிப்பாக வரும். ஆகவே ஒரு காலாண்டில் வாரமும் மறு காலாண்டில் மாதமும் என்று மாற்றினால் முடிவுகளை ஒப்பிட முடியாது.

பிரித்தது சரிதானா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு மூலைக்கும் இரண்டே எண்களை மாதந்தோறும் எழுதுங்கள்: மாத இறுதியில் அங்கே முடங்கியிருக்கும் தொகை, கேட்டும் கொடுக்க முடியாமல் போன தடவைகள். இரண்டாவது எண்ணை மென்பொருள் தராது; கவுண்டரில் ஒரு நோட்டு வைத்து, பொருளின் பெயரையும் கேட்ட எண்ணிக்கையையும் அவ்வப்போதே எழுத வேண்டும். ‘ஏ-எக்ஸ்’ மூலையில் தொகை குறைந்து, நோட்டில் பெயர்கள் கூடாமல் இருந்தால் வாராந்தர ஆர்டர் வேலை செய்கிறது. நோட்டில் ‘ஏ-எக்ஸ்’ பொருள் ஒன்று அடிக்கடி வந்தால் முதலில் சப்ளையரின் தேதிகளைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் திட்டவிலக்கத்துக்குள் போன மாத எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.